எழுபத்தொன்று என்பது எத்தனை?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சிறையில் இருந்த மரண தண்டனைக் கைதி ஃப்ரெடி லீ ஹாலின் வழக்கு ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் வந்து நின்றது. நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., அவருக்கு 71. அது 70 ஆக இருந்திருந்தால் தமக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாக அவர் வாதாடியிருக்கலாம், அதற்கான மற்றச் சான்றுகளை முன்வைத்திருக்கலாம். ஒரு மதிப்பெண் கூடிவிட்டதால் அந்தக் கதவு அங்கேயே மூடப்பட்டது.

ஹால் செய்த குற்றம் கொடூரமானது. 1978-இல் அவரும் ஒரு கூட்டாளியும் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடத்திக் கொன்றார்கள். அதே நாளில் ஒரு காவல் அதிகாரியும் கொல்லப்பட்டார். ஹால் குற்றவாளியா என்பதில் இங்கே கேள்வியே இல்லை. 2002-இல் அட்கின்ஸ் வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யாருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று முடிவுசெய்யும் வழிமுறையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. சிக்கல் அங்கேதான் பிறந்தது.

ஃபுளோரிடாவின் சட்ட வாசகத்தில் 70 என்ற எண் கிடையாது. சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் அல்லது அதற்கும் கீழே என்றுதான் அது சொல்கிறது. ஐ.க்யூ. தேர்வுகளின் சராசரி 100, திட்டவிலக்கம் 15. ஆகவே இரண்டு திட்டவிலக்கம் கீழே போனால் 70. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2007-இல் வேறொரு வழக்கில் இதற்குப் பொருள் சொல்லும்போது, 70 என்றால் 70தான், தேர்வின் பிழைக்கு இடமில்லை என்று கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி நின்றாலும், பள்ளி ஆசிரியர்களின் குறிப்பு, குடும்பத்தாரின் சாட்சி, மருத்துவ அறிக்கை எதையும் இந்தக் கேள்விக்காகக் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஹாலைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண் உண்டு. அட்கின்ஸ் தீர்ப்புக்கு முன்பே, அவர் வாழ்நாள் முழுவதும் அறிவுசார் குறைபாட்டோடு இருந்தவர் என்பதற்குக் கணிசமான சான்று உண்டென்று ஃபுளோரிடாவின் விசாரணை நீதிபதி ஒருவரே பதிவு செய்திருந்தார். அந்தக் கண்டறிதலால் பயன் கிடைக்கக்கூடிய காலம் வந்தபோது, எண் குறுக்கே வந்தது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அதிகம் பயன்படுவது டேவிட் வெக்ஸ்லர் உருவாக்கி, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட தேர்வு. உளவியலாளர் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பல சிறு தேர்வுகளை நடத்துவார். சொற்களுக்குப் பொருள் கேட்பது ஒன்று, கட்டைகளை அடுக்கி வடிவம் செய்யச் சொல்வது ஒன்று, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது ஒன்று. இரண்டு பொருள்களுக்கு உள்ள ஒற்றுமையைக் கேட்பதும் உண்டு. என் சொந்த உதாரணத்தைச் சொல்கிறேன்: படகுக்கும் பேருந்துக்கும் என்ன ஒற்றுமை? ‘இரண்டும் போக்குவரத்துக்கு’ என்றால் 2 மதிப்பெண். ‘இரண்டிலும் ஆள் ஏறலாம்’ என்றால் 1. ‘இரண்டும் பெரிசு’ என்றால் 0. தேர்வுக் கையேட்டில் மாதிரி விடைகள் நிறைய இருக்கும். ஆனால் எதிரே இருப்பவர் கையேட்டைப் பார்த்துப் பேசுவதில்லை. ‘ஏறி உட்கார்ந்தா ஊருக்குப் போயிடலாம்’ என்று ஒருவர் சொன்னால் அது 2-ஆ, 1-ஆ? இருவேறு உளவியலாளர்கள் நேர்மையாகவே இருவேறு மதிப்பெண் போடலாம்.

இப்படிச் சேரும் புள்ளிகள், அதே வயதுக்காரர்களின் புள்ளிகளோடு ஒப்பிடப்பட்டு ஒவ்வொரு சிறு தேர்வுக்கும் ஓர் எண்ணாகின்றன. அந்த எண்களின் கூட்டல் இன்னோர் அட்டவணை வழியாகப் போய் 71 என்று வெளியே வருகிறது. நடுவில் நடந்த எதுவும் அந்த இரண்டு இலக்கத்தில் தெரிவதில்லை. முந்தைய இரவு தூக்கமில்லை, அறையில் சத்தம், தேர்வு நடத்தியவர் முகம் கடுகடுத்தது, சென்ற ஆண்டு இதே தேர்வை எழுதிய பழக்கம், இரண்டு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விழுந்த சரியான விடை. இவற்றில் சில மதிப்பெண்ணைத் தூக்கும், சில இறக்கும்.

அளவீட்டு நூல்கள் இதைச் சுருக்கமாக இப்படிச் சொல்கின்றன: கையில் கிடைக்கும் மதிப்பெண் என்பது மெய்மதிப்பெண்ணும் பிழையும் சேர்ந்தது. மெய்மதிப்பெண் என்றால், ஒருவர் பழக்கமோ களைப்போ ஒட்டாமல் அதே தேர்வை எண்ணற்ற முறை எழுத முடிந்தால் வரக்கூடிய சராசரி. அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஆனால் பிழை பொதுவாக எவ்வளவு அகலம் என்பதைக் கணக்கிட முடியும். அதற்குப் பெயர் அளவீட்டின் திட்டப்பிழை.

கணக்கு எளிது. தேர்வின் நம்பகத்தன்மை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகத் தரப்படும். நல்ல ஐ.க்யூ. தேர்வுக்கு அது 0.97 என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேட்டதும் ‘கிட்டத்தட்ட முழுமை’ என்று தோன்றும். பலர் ஏமாறும் இடம் இதுதான். 1-இலிருந்து 0.97-ஐக் கழித்தால் 0.03. அதன் வர்க்கமூலம் சுமார் 0.173. அதைத் திட்டவிலக்கமான 15-ஆல் பெருக்கினால் 2.6. மூன்று சதவீதக் குறை என்று நினைத்தது, வர்க்கமூலம் எடுத்ததும் இரண்டரைப் புள்ளிக்கு மேல் வந்துவிட்டது. நூற்றுக்கு 95 முறை சரியாக இருக்கும் வீச்சு வேண்டுமென்றால் இதை ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். இரு பக்கமும் 5 புள்ளி. ஆக, 71 என்பதன் முழு வாசகம் ‘66 முதல் 76 வரை’. நம்பகத்தன்மை 0.90 மட்டுமே உள்ள தேர்வு என்றால் இதே 71, 62-இலிருந்து 80 வரை விரியும். அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு தேர்வுகளும் ஒரே 71-ஐத்தான் காட்டும். ஒன்று மற்றொன்றைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு மங்கலானது என்பது அங்கே தெரியாது.

வீச்சைப் படிப்பதிலும் பிசகு வரும். 66-உம் 76-உம் 71-உம் சம வாய்ப்புள்ளவை அல்ல. நடுவில் வாய்ப்பு அதிகம், ஓரங்களில் குறைவு. 95 சதவீதம் என்பது, இந்த முறையில் நூறு பேருக்கு வீச்சு போட்டால் சுமார் 95 பேருடைய மெய்மதிப்பெண் அவரவர் வீச்சுக்குள் இருக்கும் என்ற உறுதி. மீதி ஐந்து பேர் வெளியே இருப்பார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது.

இன்னொரு நுட்பம், ஹாலுக்கே எதிராகப் போகக்கூடியது. மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், அவர்களில் சிலர் அன்றைய துரதிர்ஷ்டத்தால் அங்கே வந்தவர்களாக இருப்பார்கள். அதனால் அவர்களுடைய மெய்மதிப்பெண்ணின் சிறந்த ஊகம் சராசரியை நோக்கிச் சற்றே நகரும். 71 எடுத்தவருக்கு அது சுமார் 72. வீச்சும் அதோடு ஒரு புள்ளி மேலே நகரும். இந்த இரண்டு விதமாகவும் கணக்கிட்டால், 71 எடுத்த ஒருவரின் மெய்மதிப்பெண் 70-க்குக் கீழே இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே நிற்கிறது. பெரும்பாலும் அவர் கோட்டுக்கு மேலேதான் இருப்பார். ஆனால் அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல் ஒருவரைத் தூக்கு மேடைக்கோ ஊசி மேசைக்கோ அனுப்பப் போதுமானதா என்பதுதான் கேள்வி. ‘71’ என்ற எண் அந்தச் சொல்லையே விழுங்கிவிடுகிறது. வீச்சு அதைத் திரும்பச் சொல்லவைக்கிறது.

2014 மே 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஃபுளோரிடாவின் விதியைத் தள்ளுபடி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனி கென்னடி. 71 என்ற மதிப்பெண்ணை 95 சதவீத உறுதியோடு 66 முதல் 76 வரை என்று படிக்க வேண்டும் என்ற கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. தேர்வை உருவாக்கியவர்களே அதில் பிழை உண்டு என்று எழுதி வைத்திருக்கும்போது, அந்தத் தேர்வை நம்பி முடிவெடுக்கும் மாநிலம் பிழையை மட்டும் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஹாலுக்குத் தண்டனை கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மதிப்பெண் பிழை எல்லைக்குள் விழுந்தால், மற்றச் சான்றுகளைக் காட்ட வாய்ப்புக் கொடு என்று மட்டுமே சொன்னது. என் பார்வையில் தீர்ப்பின் பலம் இந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஹால் 40 ஆண்டுகளில் ஒன்பது மதிப்பீடுகளைச் சமர்ப்பித்திருந்தார். மதிப்பெண்கள் 60 முதல் 80 வரை இருந்தன. 70-க்குக் கீழ் இருந்த இரண்டைச் சாட்சிய விதிகளின் காரணமாக விசாரணை நீதிமன்றம் ஏற்கவில்லை. எஞ்சியவை 71 முதல் 80 வரை. ஒரு தேர்வுக்கு 5 புள்ளிப் பிழை இருக்கலாம்; பல தேர்வுகள் திரும்பத் திரும்பக் கோட்டுக்கு மேலேயே காட்டினால் பிழை குறைந்துவிடாதா என்று கேட்டார் அலிட்டோ. புள்ளியியல்படி இது சரியே. ரத்த அழுத்தத்தை மருத்துவர் மூன்று முறை எடுப்பது அதற்குத்தான். ஒன்றையொன்று சாராத நான்கு அளவீடுகளின் சராசரிக்குத் திட்டப்பிழை பாதியாகும்.

‘ஒன்றையொன்று சாராத’ என்ற நிபந்தனையில்தான் இது தடுமாறுகிறது. ஒரே தேர்வைத் திரும்ப எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். பல ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு பதிப்புகளில், வெவ்வேறு காரணங்களுக்காக எடுத்த எண்களை வெறுமனே கூட்டி வகுக்க முடியாது. பெரும்பான்மைத் தீர்ப்பும், பல மதிப்பெண்களைச் சேர்ப்பது சிக்கலான வேலை என்று ஒப்புக்கொண்டு அங்கேயே நிறுத்திக்கொண்டது. அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

வீச்சுக்கும் எல்லை உண்டு. அது சொல்வது தற்செயல் பிழையை மட்டும். அளவுகோலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. ஐ.க்யூ. தேர்வில் 100 என்பது, தேர்வு தரப்படுத்தப்பட்ட ஆண்டில் வாழ்ந்தவர்களின் சராசரி. மக்கள்தொகையின் செயல்பாடு தலைமுறைக்குத் தலைமுறை ஏறிவந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் அமெரிக்கத் தரவுகளில் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. இருபது ஆண்டு பழைய அட்டவணையைக் கொண்டு இன்று ஒருவருக்கு 71 போட்டால், இன்றைய சராசரியோடு ஒப்பிட அது 65 ஆகவும் இருக்கலாம். 66 முதல் 76 வரை என்ற வீச்சை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் இந்த ஆறு புள்ளி அதற்குள் வராது. ஆகவே வீச்சோடு எந்தத் தேர்வு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டில் தரப்படுத்தியது என்பதும் எழுதப்பட வேண்டும்.

70 என்ற கோடும் இயற்கை வரைந்ததல்ல. 1959-இல் இத்துறையின் அமெரிக்க நிபுணர் சங்கம் தந்த வரையறை ஒரு திட்டவிலக்கம் கீழே, அதாவது 85 வரை, குறைபாட்டு வட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1973-இல் அதே சங்கம் இரண்டு திட்டவிலக்கம் என்று மாற்றியது. 70-க்கும் 85-க்கும் இடையில் இருந்த லட்சக்கணக்கானோர், தங்களிடம் எந்த மாற்றமும் நிகழாமலே, மறுநாள் குறைபாடற்றவர்களானார்கள். பிழையுள்ள அளவீட்டை மனிதர் போட்ட கோட்டோடு ஒப்பிடும்போது, குறைந்தது கோட்டுக்கு அருகில் வருபவர்களையாவது நிறுத்தி இன்னொரு முறை பார்க்க வேண்டாமா?

அப்படிப் பார்ப்பதற்குரிய மற்றொரு கேள்வி நிபுணர்களின் வரையறையிலேயே இருக்கிறது. மதிப்பெண்ணோடு, அந்த மனிதர் அன்றாட வாழ்வை எப்படி நடத்துகிறார் என்பதையும் காண வேண்டும்: சில்லறை எண்ணுவாரா, தனியாகப் பேருந்து ஏறுவாரா, தம்மை ஏமாற்றுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வாரா. ஃபுளோரிடாவின் 70 இந்தக் கேள்வியைக் கேட்கவே விடவில்லை.

மரண தண்டனை வழக்கு நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். கோடு நம் வாசலிலும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். அறிவுசார் குறைபாட்டின் சதவீதத்தைக் கணக்கிட, மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைக் காட்டின. அதில் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம். 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். அதாவது 69-க்கும் 70-க்கும் இடையில் சதவீதம் பாதியாகச் சரிந்தது. 40 என்ற கோடு அந்தச் சரிவின் நடுவில் இருந்தது.

இந்த அளவுகோல் பிள்ளைக்கு வைக்கும் தேர்வல்ல. பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு நிரப்புவது. பதில்களிலிருந்து சமூக வயது வருகிறது. அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈவு. பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வயது 120 மாதம். சமூக வயது 82 மாதம் என்று வந்தால் ஈவு 68. இந்த அளவுகோலில் ஆறேழு வயதுக்குரிய பகுதியில் ஓர் ஆண்டுக்குச் சில கேள்விகளே உள்ளன. ஆகவே ஒரு கேள்விக்கு ‘ஆமாம்’ என்று விழுந்தால் சமூக வயது இரண்டு மூன்று மாதம் ஏறும். “தலையைத் தானே வாரிக்கிறாளாம்மா?” என்று கேட்கிறார்கள். அம்மா யோசிக்கிறார். சீப்பை எடுத்து முன்னால் இழுத்துக்கொள்வாள். பின்னல் நான்தான் போடுவேன். “ஏதோ வாரிக்கிறா சார்” என்கிறார், மகளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். 82 மாதம் 85 ஆகிறது. ஈவு 68-இலிருந்து 70-ஐத் தாண்டுகிறது. 50 சதவீதம் 25 ஆகிறது. சான்றிதழில் ஒரே எண்தான் அச்சாகும். அந்த ‘ஏதோ’ அச்சாகாது.

இதற்கு மாற்று, கோடே வேண்டாம் என்பதல்ல. சலுகை கொடுக்க ஓர் எல்லை வேண்டும். எல்லை எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் யாராவது நிற்பார்கள். எண்ணைத் தன் பிழையோடு எழுதினால், ஓரத்தில் நிற்பவர் யார் என்பதாவது தெரியும். ‘70’ என்று எழுதினால் கோப்பு மூடப்படும். ‘70, ஏறத்தாழ 65 முதல் 75 வரை’ என்று எழுதினால், அடுத்து யாரைக் கேட்பது, பள்ளியில் என்ன சொல்கிறார்கள், வேறொரு தேர்வு வைக்கலாமா என்ற வேலை தொடங்கும். மருத்துவக் குழுக்களுக்கு இது கூடுதல் சுமைதான். ஆனால் எல்லோருக்குமல்ல, கோட்டுக்கு ஐந்து புள்ளி அருகில் இருப்பவர்களுக்கு மட்டும்.

உங்கள் பிள்ளைக்கோ உறவினருக்கோ இத்தகைய மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்தால் தேர்வின் பெயர், பதிப்பு, 95 சதவீத வீச்சு ஆகிய மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பிள்ளையின் நல்ல நாளை மட்டும் நினைத்துச் சொல்லாதீர்கள். சாதாரண நாளில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. ஹாலின் வழக்கிலும் இன்னொரு முறை பார்த்ததுதான் முடிவை மாற்றியது: அது மீண்டும் ஃபுளோரிடாவுக்குப் போய், 2016-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மற்றச் சான்றுகளையும் எடைபோட்டு, அவருடைய மரண தண்டனையை ரத்து செய்து ஆயுள் தண்டனையாக்க உத்தரவிட்டது.